அரியர்ஸ் என்கிற ஒற்றை வரி

போன மாசம் அண்ணன் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சாப்பிட்டு முடித்ததும் போனை நீட்டி, "சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க, என்னை ஏமாத்திட்டாங்க" என்றான். ஆகஸ்ட் மாத சம்பளச் சீட்டு. ஏப்ரலிலிருந்து வரவேண்டிய சம்பள உயர்வு ஆகஸ்டில்தான் வந்திருந்தது. கூடவே "அரியர்ஸ்" என்று ஒற்றை வரி. மாசத்துக்கு 3,000 ரூபாய் கூடியிருக்கிறது, ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாசம், ஆக 12,000 வரணும் என்பது அவன் கணக்கு. கைக்கு வந்ததோ 8,280.

அவன் கணக்கும் தப்பு, கம்பெனி கணக்கும் தப்பு என்பது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவனுக்கு விளக்கிக் காட்ட நான் எடுத்தது வேறொரு கணக்கு: 2016-ல் ஏழாவது ஊதியக் குழுவுக்காக மத்திய அரசு ஊழியர்களுக்குப் போட்ட அரியர்ஸ். இந்தியாவில் தாமதமாக வந்த சம்பள உயர்வுகளில், விதிகள் எல்லாம் எழுத்தில் இருப்பதும், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடியதும் அதுதான். அதைப் புரிந்துகொண்டால் எந்தக் கம்பெனி சீட்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

இரண்டு பத்திகள்

அரியர்ஸ் போடுவதற்கு அலுவலகங்களில் "டியூ-டிரான் ஸ்டேட்மெண்ட்" என்று ஒரு தாள் தயாரிப்பார்கள். பெயர் பெரிசாக இருந்தாலும் விஷயம் சின்னது. ஒரு பக்கம் "வரவேண்டியது", இன்னொரு பக்கம் "வாங்கியது". ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அந்த மாத நிலுவை. எல்லா மாதத்தையும் கூட்டினால் அரியர்ஸ்.

"வித்தியாசம் எவ்வளவு, எத்தனை மாசம், பெருக்கிடு" என்று முடித்துவிடக் கூடாதா? கூடாது. நடுவில் ஏதாவது ஒரு மாதத்தில் இன்கிரிமென்ட் வந்திருக்கும், சம்பளமில்லா லீவு போட்டிருப்பார்கள், அகவிலைப்படி மாறியிருக்கும். அந்த மாதத்தின் வித்தியாசம் மற்ற மாதங்களைப் போல இருக்காது. அதனால்தான் மாதாமாதம் தனித்தனியாகப் போடுகிறார்கள்.

2016-ல் நடந்தது

நீதிபதி ஏ.கே. மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. புதிய சம்பளம் 1.1.2016 முதல் அமலாக வேண்டும் என்பது பரிந்துரை. ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2016 ஜூன் 29-ல். அரசிதழில் விதிகள் வெளியானது ஜூலை 25-ல். அதுவரை எல்லோரும் பழைய சம்பளத்தையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதச் சம்பளம் புதிய கணக்கில் வந்தது, அதோடு ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாத நிலுவையும் ஒரே தவணையில் சேர்ந்து வந்தது.

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் அப்போது இருந்த எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி நிறுவனம் போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் அந்த ஆகஸ்ட் முழுக்க இதே பேச்சுதான் இருந்திருக்கும். அந்த மாதிரி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விதிகளும் விகிதங்களும் உண்மை. ஆள் மட்டும் நான் வைத்துக்கொண்டது.

அவருடைய கிரேடு பே 4,200. 2015 டிசம்பர் 31-ல் அவருடைய அடிப்படைச் சம்பளம், பே பேண்டும் கிரேடு பேயும் சேர்த்து, 15,000 ரூபாய்.

முதலில் புதிய அடிப்படைச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விதி எளிது: பழைய அடிப்படையை 2.57-ஆல் பெருக்கு, வரும் தொகையைச் சம்பள அட்டவணையில் தேடு, இல்லாவிட்டால் அதற்கு அடுத்த பெரிய கட்டத்தை எடு. 15,000-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 38,550. கிரேடு பே 4,200-க்கான ஆறாம் நிலையில் 35,400, 36,500, 37,600, 38,700, 39,900 என்று கட்டங்கள் போகும். 38,550 என்று ஒரு கட்டம் கிடையாது, அடுத்தது 38,700. ஆக அவருடைய புதிய அடிப்படை 38,700.

15,000 எங்கே, 38,700 எங்கே! அன்றைக்கு டி.வி.யிலும் பத்திரிகையிலும் பார்த்தவர்கள் "ரெண்டரை மடங்கு உயர்வு" என்று வயிறெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் பழைய 15,000-க்கு மேல் 125 சதவீதம் அகவிலைப்படி இருந்தது. அதாவது இன்னொரு 18,750. அவர் உண்மையில் வாங்கிக்கொண்டிருந்தது 33,750. புதிய சம்பளத்தில் அந்த அகவிலைப்படி முழுக்க அடிப்படைக்குள் கரைந்துவிட்டது, 1.1.2016 அன்று அகவிலைப்படி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. 2.57-ல் 2.25 ஏற்கெனவே கையில் இருந்ததுதான். 2.57-ஐ 2.25-ஆல் வகுத்தால் கிடைப்பது 1.142, அதாவது உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதம்.

மாதம் மாதமாக

ஜனவரி மாதத்தை எடுங்கள். வரவேண்டியது 38,700. வாங்கியது 33,750. நிலுவை 4,950. பிப்ரவரி முதல் ஜூன் வரை எதுவும் மாறவில்லை, அதனால் அதே 4,950. ஆறு மாதத்துக்கு 29,700.

ஜூலையில் கதை மாறுகிறது. ஜூலை 1-ல் இன்கிரிமென்ட். பழைய முறையில் 3 சதவீதம், 15,000-க்கு 450 ரூபாய். ஜூலையில் அவர் வாங்கிய அடிப்படை 15,450. அதற்கு 125 சதவீதம் அகவிலைப்படி 19,312.50, முழு ரூபாயாக்கி 19,313. மொத்தம் 34,763. புதிய முறையிலோ இன்கிரிமென்ட் என்பது அட்டவணையில் ஒரு கட்டம் கீழே இறங்குவதுதான்: 38,700-லிருந்து 39,900. ஆக ஜூலை நிலுவை 39,900-லிருந்து 34,763 போக 5,137.

| மாதம் | வரவேண்டியது | வாங்கியது | நிலுவை |
|---|---|---|---|
| ஜனவரி முதல் ஜூன் வரை (மாதம் ஒன்றுக்கு) | 38,700 | 33,750 | 4,950 |
| ஆறு மாதக் கூட்டல் | 2,32,200 | 2,02,500 | 29,700 |
| ஜூலை | 39,900 | 34,763 | 5,137 |
| மொத்தம் | 2,72,100 | 2,37,263 | 34,837 |

ஆகஸ்ட் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, "இப்போ கூடியிருக்கிறது 5,137, ஏழு மாசம்" என்று பெருக்கினால் 35,959 வரும். 1,122 ரூபாய் அதிகம். அலுவலகம் அந்த 1,122-ஐ அடித்துவிட்டதாகத் தோன்றும். யாரும் அடிக்கவில்லை. ஜூலைக்கு மட்டும் உரிய வித்தியாசத்தை மற்ற ஆறு மாதத்துக்கும் போட்டதால் வந்த வினை.

அவர் ஏப்ரலில் ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால்? ஏப்ரலுக்கு முப்பது நாள். அவர் சம்பளம் வாங்கியது 24 நாளுக்கு. இங்கே நிறையப் பேர் தடுமாறுவார்கள். "லீவுக்கான பிடித்தத்தைத்தான் ஏப்ரல்லயே பண்ணிட்டாங்களே, மறுபடி எதுக்கு?" என்பார்கள். ஏப்ரலில் பிடித்தது பழைய சம்பளத்தின்படி. வராத ஆறு நாளுக்குப் பழைய சம்பளமும் இல்லை, புதிய சம்பளமும் இல்லை, எனவே உயர்வும் இல்லை. இரண்டு பத்தியிலும் 24 நாள் மட்டும் போடவேண்டும். நிலுவை 4,950-ல் 30-க்கு 24 பங்கு, அதாவது 3,960. குறைந்தது 990 ரூபாய் மட்டும். ஏப்ரல் மாத நிலுவையை மொத்தமாகத் தூக்கிவிடக் கூடாது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்கில் வராதவை

வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் இந்தத் தாளில் எங்கே என்று கேட்கலாம். சென்னை எக்ஸ் வகை நகரம், வாடகைப்படி அப்போது அடிப்படையில் 30 சதவீதம். 15,000-க்கு 4,500. 38,700-க்கு 30 சதவீதம் என்றால் 11,610. அந்த வித்தியாசமும் சேர்ந்தால் அரியர்ஸ் எங்கேயோ போயிருக்கும்.

ஆனால் சேரவில்லை. படிகளைப் பற்றி முடிவெடுக்கத் தனிக் குழு போட்டார்கள். அதுவரை படிகள் எல்லாம், சம்பளம் மாறவே இல்லை என்பதுபோல், பழைய அடிப்படையின் மீதே தொடரும் என்று உத்தரவு. இரண்டு பத்தியிலும் அதே 4,500. கழித்தால் பூஜ்யம். புதிய படிகள் 1.7.2017 முதல்தான் வந்தன, முன்தேதியிட்டு அல்ல. பதினெட்டு மாதத்துக்கான படி உயர்வு வரவே இல்லை. அரியர்ஸ் தாளில் ஓர் உருப்படி இல்லை என்றால், அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று உத்தரவில் தேடவேண்டும். மொத்தத் தொகையையும் விட அந்த ஒரு தேதிதான் பணத்தைத் தீர்மானிக்கிறது.

கைக்கு வருவது

34,837 அப்படியே வங்கிக்குப் போகாது. அவர் 2004-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பார். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம். சம்பளம் முன்தேதியிட்டு உயர்ந்தால் பிடித்தமும் முன்தேதியிட்டு உயரும். ஜனவரியில் பிடிக்கவேண்டியது 3,870, பிடித்தது 3,375, வித்தியாசம் 495. ஆறு மாதத்துக்கு 2,970. ஜூலைக்கு 514. மொத்தம் 3,484. ஆக வருமான வரிக்கு முன்னால் கைக்கு வருவது 31,353.

இந்த 3,484-ஐ நஷ்டம் என்று நினைக்க வேண்டியதில்லை, அது அவர் கணக்கில்தான் சேருகிறது. அதைவிட முக்கியம், அதே அளவு தொகையை அப்போது அரசும் தன் பங்காகப் போடவேண்டியிருந்தது. சம்பளச் சீட்டில் ஊழியர் பங்கு பிடிக்கப்பட்டது மட்டும் கண்ணில் படும். முதலாளி பங்கு வந்ததா என்பது ஓய்வூதியக் கணக்கு அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும். அரியர்ஸ் வந்த மாதத்தில் அந்த அறிக்கையை ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது.

அரியர்ஸுக்கு அரியர்ஸ்

இதோடு முடிந்தால் பரவாயில்லை. 2016 அக்டோபர் கடைசியில் மத்திய அரசு 2 சதவீத அகவிலைப்படி அறிவித்தது, 1.7.2016 முதல். அதாவது ஜூலை மாதத்தை மறுபடியும் திறக்கவேண்டும். ஏற்கெனவே நிலுவை கொடுத்து மூடிய மாதம்!

இப்போது ஜூலைக்கு வரவேண்டியது 39,900-மும் அதன் 2 சதவீதமான 798-ம் சேர்த்து 40,698. வாங்கியது எவ்வளவு? இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். ஜூலை சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் 34,763 என்று இருக்கும். அதைக் கழித்தால் நிலுவை 5,935. ஆனால் அந்த ஜூலைக்காக ஆகஸ்டில் 5,137 ஏற்கெனவே வாங்கியாயிற்று. ஜூலைச் சீட்டில் அது தெரியாது, ஆகஸ்ட் சீட்டில் "அரியர்ஸ்" என்கிற ஒற்றை வரிக்குள் மற்ற ஆறு மாதத்தோடு கலந்து கிடக்கிறது. சரியான "வாங்கியது" 34,763-ம் 5,137-ம் சேர்த்து 39,900. நிலுவை வெறும் 798.

இரண்டுக்கும் இடையில் 5,137 ரூபாய். ஊழியருக்கு லாபம்தானே என்று தோன்றும். லாபம் இல்லை. சில வருஷம் கழித்துத் தணிக்கையில் வரும், "அதிகப்படியாக வழங்கப்பட்டது, பிடித்தம் செய்க" என்று. அப்போது ஓய்வு பெறுகிற நேரமாக இருந்தால் கிராஜுவிட்டியில் கைவைப்பார்கள். இப்படிப்பட்ட பிடித்தங்கள் நீதிமன்றங்களில் ஏராளம். 2014 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபிக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை கொடுத்தது. ஊழியர் மேல் தவறில்லாமல் அதிகமாகக் கொடுத்துவிட்டால், சில நிலைகளில் திரும்பப் பிடிக்கக் கூடாது: சி, டி பிரிவு ஊழியர்களிடம், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடம், ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் கொடுத்துவந்த பிறகு உத்தரவு போட்டால், என்று ஐந்து நிலைகளைச் சொன்னது. பாதுகாப்புதான், ஆனால் அதற்கும் கோர்ட் படி ஏறவேண்டும். அதைவிட சுலபம், முதல் அரியர்ஸ் வரும்போதே மாதவாரித் தாளை வாங்கி வைத்துக்கொள்வது. ஒற்றை வரித் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தடவை யாராலும் சரியாகக் கழிக்க முடியாது.

அதே கிண்டி, வேறு தேதி

மத்திய அரசு அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே கிண்டியில்தான் தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இயக்குநரகமும் இருக்கிறது. மாநில அரசு ஊழியர்களுக்கு அதே ஏழாவது ஊதியக் குழு அடிப்படையில், அதே 2.57 பெருக்கலோடு சம்பள உயர்வு 2017 அக்டோபர் 11-ல் வந்தது. நிதித் துறையின் அரசாணை எண் 303. அமல் தேதியும் அதே 1.1.2016-தான்.

ஆனால் அரியர்ஸ் பூஜ்யம். அரசாணையில் இரண்டு தேதிகள் இருந்தன. 1.1.2016 முதல் "கருத்தியலாக", 1.10.2017 முதல் "பணப்பயன்". கருத்தியல் என்றால் காகிதத்தில் மட்டும். 2016 ஜனவரியில் புதிய சம்பளம் நிர்ணயிப்பார்கள், அதற்குப் பிறகு வந்த இன்கிரிமென்ட்களைக் காகிதத்திலேயே ஏற்றுவார்கள், அப்படி ஏறிவந்த தொகையை 2017 அக்டோபரிலிருந்து கையில் கொடுப்பார்கள். நடுவில் உள்ள 21 மாதத்துக்கு "வரவேண்டியது" என்ற பத்தியே கிடையாது.

மேலே பார்த்த 4,950-ஐயே ஓர் அளவுகோலாக வைத்தால் 21 மாதத்துக்கு 1,03,950 ரூபாய். ஒவ்வொருவருக்கும் தொகை மாறும், ஆனால் இழப்பு எந்த அளவில் என்பது இதில் புரியும். இதற்கு முந்தைய ஆறாவது ஊதியக் குழுவில் மாநில அரசு கொஞ்சம் தாராளமாக இருந்தது. 2009 ஜூன் 1-ல் வந்த அரசாணை, 1.1.2006 முதல் கருத்தியலாகவும் 1.1.2007 முதல் பணப்பயனாகவும் என்றது. அப்போது 2007 ஜனவரி முதல் 2009 மே வரை 29 மாத நிலுவை மூன்று தவணைகளில் கிடைத்தது. ஆக "எந்தத் தேதியிலிருந்து உயர்வு" என்பது மட்டும் போதாது, "எந்தத் தேதியிலிருந்து பணம்" என்று தனியாகக் கேட்கவேண்டும். தனியார் கம்பெனிகளின் உயர்வுக் கடிதத்திலும் இதே இரண்டு தேதிகள் ஒளிந்திருக்கும், கருத்தியல் என்கிற வார்த்தை மட்டும் இருக்காது.

வரி எந்த வருஷத்துக்கு?

வருமான வரி, பணம் கைக்கு வந்த வருஷத்தில்தான் விழும். நம் ஊழியருடைய ஏழு மாதத்தில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் 2015-16 நிதியாண்டைச் சேர்ந்தவை. மூன்று மாத நிலுவை 14,850. ஏப்ரல் முதல் ஜூலை வரை உள்ளது 2016-17-ஐச் சேர்ந்தது, பணம் வந்ததும் அதே வருஷம்தான், அதில் பிரச்சினை இல்லை.

அவருடைய வரிக்குரிய வருமானம் 2015-16-ல் 4,40,000 என்றும், 2016-17-ல் இந்த அரியர்ஸும் சேர்த்து 5,30,000 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வருஷமும் ஐந்து லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம், செஸ் 3 சதவீதம். 14,850 உரிய காலத்தில் வந்திருந்தால் 10 சதவீதத்தில் 1,485-ம் செஸ்ஸும் சேர்த்து சுமார் 1,530 கட்டியிருப்பார். தாமதமானதால் 20 சதவீதத்தில் 2,970-ம் செஸ்ஸும் சேர்த்து சுமார் 3,059. அரசு தாமதமாகக் கொடுத்ததற்கு இவர் ஏன் கூடுதல் வரி கட்டவேண்டும்? கட்டவேண்டாம் என்றுதான் 1961 வருமான வரிச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு சொன்னது. அந்த வித்தியாசமான சுமார் 1,530 ரூபாயை வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இதற்கு வருமான வரித் துறை இணையதளத்தில் Form 10E என்ற படிவத்தை நிரப்பவேண்டியிருந்தது, அதுவும் ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால். படிவம் போடாமல் ரிட்டர்னில் மட்டும் கழித்துக்கொண்டவர்களுக்குக் கழிவு மறுக்கப்பட்டு நோட்டீஸ் வந்தது. படிவத்துக்கு என்ன வேண்டும்? எந்த வருஷத்துக்கு எவ்வளவு நிலுவை என்ற பிரிப்பு. அதாவது மறுபடியும் அதே மாதவாரித் தாள்தான். அரியர்ஸ் முழுக்க ஒரே நிதியாண்டுக்குள் அடங்கிவிட்டாலோ, இரண்டு வருஷத்திலும் ஒரே வரி விகிதமாக இருந்தாலோ இந்தக் கழிவு பூஜ்யம்தான், தேட வேண்டியதில்லை.

அண்ணன் பையன் கணக்கு

இப்போது அவன் சீட்டுக்கு வருவோம். பழைய அடிப்படை 18,000, புதியது 20,000. வாடகைப்படி அடிப்படையில் பாதி, எனவே 9,000-லிருந்து 10,000. மற்ற படிகள் மாறவில்லை. மாதம் 3,000 வித்தியாசம் சரிதான்.

"நடுவுல லீவு ஏதாவது போட்டியா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஜூன்ல அஞ்சு நாள், லாஸ் ஆஃப் பே" என்றான். சரி, ஜூனுக்கு 3,000-ல் 30-க்கு 25 பங்கு, 2,500. ஏப்ரல், மே, ஜூலைக்கு 9,000. மொத்தம் 11,500. அடுத்தது பி.எஃப். அவன் கம்பெனி முழு அடிப்படைக்கும் 12 சதவீதம் பிடிக்கிறது. 2,000-க்கு 240, ஜூனுக்கு 200. மொத்தம் 920. (சில கம்பெனிகள் 15,000 என்ற உச்சவரம்புக்கு மட்டும் பி.எஃப். பிடிக்கும். அங்கே அடிப்படை ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்தால் அரியர்ஸில் பி.எஃப். பிடித்தமே வராது.) 11,500-ல் 920 போனால் 10,580. அவன் எதிர்பார்த்த 12,000 எந்த நிலையிலும் வந்திருக்காது.

ஆனால் வந்தது 8,280. இன்னும் 2,300 குறைகிறது. இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2,300 என்பது ஜூன் நிலுவை 2,500-லிருந்து அதன் பி.எஃப். 200 போக மீதி. ஒரு மாதம் முழுசாக விடுபட்டால்தான் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும். சம்பளமில்லா லீவு இருந்த மாதம் என்று ஜூனை மொத்தமாகத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அஞ்சு நாளுக்குப் பதிலாக முப்பது நாள் போய்விட்டது.

அவனை நான்கு வரியில் ஒரு மெயில் எழுதச் சொன்னேன். "ஏமாத்திட்டீங்க" என்று இல்லாமல், மாதவாரித் தாள் வேண்டும் என்றும், ஜூனுக்கு 25 நாள் சம்பளம் வாங்கியிருக்கிறேன், அதற்கான நிலுவை 2,500 விடுபட்டிருப்பதாகத் தெரிகிறது என்றும். ரெண்டு நாளில் பதில் வந்தது, அடுத்த மாதச் சீட்டில் சேர்த்துவிடுகிறோம் என்று. சேர்த்தும்விட்டார்கள். 12,000-க்குச் சண்டை போட்டிருந்தால், "லீவு போட்டீங்க, பி.எஃப். பிடிச்சோம்" என்று ஒரு வரியில் மடக்கியிருப்பார்கள், உண்மையான 2,300-ம் அதோடு போயிருக்கும்.

நேற்று போன் பண்ணினான். "சித்தப்பா, செப்டம்பர் சீட்டுல அரியர்ஸ் 2,500, பி.எஃப். சேர்ந்து வந்திருக்கு. எல்லாம் சரியா இருக்கு." பி.எஃப். பாஸ்புக்கில் கம்பெனி பங்கும் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். "அதை இன்னும் பார்க்கலை" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.